மேற்கோளும் பதிப்புரிமையும்: ஆய்வு நூலிலும் நாட்காட்டியிலும் எடுத்தாளுகையின் எல்லை

ஆய்வுச்சுருக்கம்

பிறர் எழுதிய வரிகளை அச்சு நூலில் மேற்கோளாக எடுத்தாளும்போது எவ்வளவு எடுக்கலாம் என்னும் வினாவுக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 சொற்கணக்கில் விடை தருவதில்லை. எடுக்கப்பட்ட பகுதி எந்த நோக்கத்திற்காக, எத்தகைய பக்கத்தில் அச்சிடப்படுகிறது என்பதே எல்லையைத் தீர்மானிக்கிறது. ஒரே கவிதையின் அதே நான்கு அடிகள் திறனாய்வு நூலில் இசைவின்றி இடம்பெறலாம். நாட்காட்டியில் இடம்பெற இசைவு தேவைப்படலாம். இவ்வேறுபாட்டை இக்கட்டுரை தமிழ்ச் சூழலின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, மேற்கோள், நியாயமான கையாளுகை, கணிசமான பகுதி, உரை, நாட்காட்டி.

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் அளிக்கப்படும் வரையில் அதில் உள்ள மேற்கோள்களின் உரிமை பற்றி எவரும் வினவுவதில்லை. அடிக்குறிப்பு சரியாக உள்ளதா என்பதே அங்கு வினா. அதே ஆய்வேடு நூலாக அச்சேறும்போது நிலைமை மாறுகிறது. பதிப்பகத்தார் உரிமை பற்றிக் கேட்கின்றனர். ஆய்வாளர் 'அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறேனே' என்கிறார். இவ்விடத்தில் இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மூலத்தைக் குறிப்பிடுவது ஆய்வு நேர்மை சார்ந்தது; மூலத்தை அச்சிடும் தகுதி சட்டம் சார்ந்தது. 'நன்றி' என ஆசிரியர் பெயரை அச்சிடுவதால் மட்டும் இசைவு பெற்றதாகிவிடாது.

துறை சார்பில் ஆண்டுதோறும் வெளியிடப்படும் நாட்காட்டிகளிலும் இதே மயக்கம் உண்டு. விலையின்றி வழங்கப்படுவது, தமிழ் வளர்ச்சிக்காக அச்சிடப்படுவது என்னும் காரணங்கள் சொல்லப்படுகின்றன. படியெடுத்து அச்சிடும் செயலே உரிமையாளருக்கு உரியது என்பதால், விலை வைக்கவில்லை என்பது தனியே ஒரு விலக்காகாது.

தமிழில் 'காப்புரிமை' என்னும் சொல் புதுப்புனைவுகளுக்கான உரிமைக்கும் எழுத்துக்கான உரிமைக்கும் ஒருசேர வழங்குகிறது. குழப்பம் தவிர்க்க இங்கு 'பதிப்புரிமை' என்பதே ஆளப்படுகிறது.

உரிமை உயிரோடு உள்ளதா?

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு முன்பு கேட்கவேண்டிய வினா இது. சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த இலக்கியப் படைப்பின் உரிமை அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். முதலில் இக்காலம் 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுடைய உரிமை முடியவிருந்த சூழலில் அது 60ஆக நீட்டிக்கப்பட்டது.

கணக்கு எளிது. உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் தம் பதிப்புகளில் எழுதிய முன்னுரைகளும் குறிப்புகளும் 2003 சனவரி 1 முதல் எவருக்கும் உரியன. 1964இல் மறைந்த பாரதிதாசனின் உரிமைக்காலம் 2024 முடிவோடு நிறைவுற்றது. கண்ணதாசன் 1981இல் மறைந்தமையால் அவர் எழுத்துகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. பாரதியின் நிலை சற்று வேறு. அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை அரசு ஏற்றுப் பின்னர் மக்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஆகவே அவர் வரிகளுக்கு ஆயுள் கணக்குப் பார்க்கவேண்டிய தேவை எழவில்லை. தமிழக அரசு பின்னாளில் நாட்டுடைமையாக்கிய பல எழுத்தாளர்களின் நூல்களுக்கும் இது பொருந்தும். எனவே ஆயுள் கணக்கில் உரிமை மீதமுள்ள ஓர் ஆசிரியர் நாட்டுடைமைப் பட்டியலில் இருக்கிறாரா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ஆய்வாளர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஆசிரியர் மறைந்த பின் முதன்முதலாக அச்சேறிய எழுத்து. கையெழுத்துப் படியிலிருந்தோ கடிதக் கட்டிலிருந்தோ 2000ஆம் ஆண்டில் முதன்முறை வெளியிடப்பட்ட ஒரு கவிதைக்கு 24ஆம் பிரிவின்படி வெளியீட்டு ஆண்டிலிருந்தே 60 ஆண்டுக் கணக்கு தொடங்கும். 2060 முடிய உரிமை நீளும். கவிஞர் 1940இல் மறைந்திருந்தாலும் இதுவே நிலை. இன்னொன்று, மூலமும் உரையும். திருக்குறளுக்கோ சங்கப் பாடலுக்கோ உரிமையாளர் எவருமில்லை. அவற்றுக்கு எழுதப்பட்ட புத்துரை தனிப்படைப்பு. அதற்கு உரையாசிரியரின் ஆயுளைக் கொண்டு தனிக்கணக்கு உண்டு. மொழிபெயர்ப்பில் இரு கணக்குகளையும் பார்க்கவேண்டும். மூல ஆசிரியரின் உரிமை முடிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை முடியாதிருக்கலாம்.

ஈழத்து எழுத்துகளில் இன்னொரு கணக்கும் குறுக்கிடுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் தருகிறது. 1971இல் மறைந்த மஹாகவியின் கவிதைகள் இந்தியாவில் 2031 முடிவிலும் இலங்கையில் 2041 முடிவிலும் உரிமை நீங்கும். சென்னையில் அச்சிட்டு யாழ்ப்பாணத்திலும் விற்கப்படும் நூலுக்கு நீண்ட கணக்கையே கொள்வது நன்று.

சொற்கணக்கு என்னும் நம்பிக்கை

'நான்கு அடி வரை எடுக்கலாம்', 'பத்து விழுக்காடு வரை தவறில்லை' என்னும் கூற்றுகள் ஆய்வுலகில் வாய்மொழியாக வழங்கிவருகின்றன. இந்தியச் சட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு தடயம் உண்டு. பிரித்தானியாவில் பதிப்பாளர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் ஒரு காலத்தில் தமக்குள் ஓர் இணக்கம் கொண்டிருந்தன. திறனாய்வுக்காக எனில் உரைநடையில் ஒரே பகுதியாக 400 சொற்கள், கவிதையில் 40 அடிகள் வரை இசைவின்றி எடுக்கலாம். ஆயினும் கவிதையின் காற்பங்கை அது மிஞ்சக்கூடாது என்பது அதன் சாரம். அது இரு தரப்பும் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடே தவிர அந்நாட்டுச் சட்டமும் அன்று. அந்த ஏற்பாட்டின்படி பார்த்தாலும் எட்டு அடிக் கவிதையிலிருந்து இரண்டடிக்கு மேல் எடுக்க இயலாது என்பதை எண்ணிப்பார்த்தால், 'நான்கு அடி' என்னும் நம் வாய்மொழி விதியின் வலுவின்மை விளங்கும்.

சட்டம் சொல்வது வேறு. 14ஆம் பிரிவு படைப்பு முழுவதற்கும் அதன் 'கணிசமான பகுதி'க்கும் உரிமை தருகிறது. கணிசம் என்பது அளவை மட்டும் குறிப்பதன்று. எடுக்கப்பட்டது படைப்பின் உயிர்நிலையா என்பதையும் குறிக்கும். 400 பக்க நாவலிலிருந்து ஒரு பத்தி பெரும்பாலும் கணிசமாகாது. மூன்றடித் துளிப்பாவில் மூன்றடியும் எடுக்கப்பட்டால் அது படைப்பு முழுவதுமே ஆகும். புதுக்கவிதையை மேற்கோளாக எடுப்பதில் உள்ள இடர் இதுவே: மேற்கோளின் இயல்பான அளவும் படைப்பின் முழு அளவும் ஒன்றாகிவிடுகின்றன.

மறுமுனையில், சில சொற்களே கொண்ட தொடரோ தலைப்போ பொதுவாகப் படைப்பு என்னும் நிலையை எட்டுவதில்லை. நூலின் அல்லது திரைப்படத்தின் தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை என்பதை 2015இல் கிருஷிகா லுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கவிதைத் தொகுதிகளின் பெயர்களை ஆய்வேட்டில் அடுக்குவதற்கோ, ஒரு கதைத் தலைப்பை நாட்காட்டியில் இடுவதற்கோ எவரிடமும் இசைவு வேண்டியதில்லை.

நோக்கமே எல்லை

கணிசமான பகுதியை எடுத்தாலும் அது மீறல் ஆகாத சூழல்களை 52ஆம் பிரிவு வகுக்கிறது. அதன் தொடக்கக் கூறு 'நியாயமான கையாளுகை'யை மூன்று நோக்கங்களுக்கு மட்டும் ஏற்கிறது: ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாடு, திறனாய்வு அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்ச்சிகளைச் செய்தியாக்கல்.

இங்கு 'ஆய்வு' என்னும் சொல்லைக் கண்டு ஆய்வாளர்கள் நிறைவடைந்துவிடுகின்றனர். அச்சொல் தனிப்பட்ட பயன்பாட்டின் ஒரு பகுதியாகவே வருகிறது என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும். நூலகத்தில் ஒரு கட்டுரையைப் படியெடுத்து வைத்துக்கொள்வதற்கு அக்கூறு துணைநிற்கும். ஆயிரம் படி அச்சிட்டு விற்கும் நூலைத் தனிப்பட்ட பயன்பாடு என வாதிடுவது கடினம். அச்சு நூலுக்கு உண்மையான புகலிடம் இரண்டாவது நோக்கமாகிய திறனாய்வே ஆகும். எனவே மேற்கோள் எவ்வளவு நீளலாம் என்பது, அதைப் பற்றி ஆய்வாளர் எவ்வளவு பேசுகிறார் என்பதோடு கட்டுண்டது.

1996இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்த்த சிவிக் சந்திரன் வழக்கு இதற்கு நல்ல விளக்கம். தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற அரசியல் நாடகத்திற்கு மறுப்பாக எழுதப்பட்ட எதிர்நாடகம், மூலத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டிருந்தது. நீதிமன்றம் மூன்றை நோக்கியது: எடுக்கப்பட்டதன் அளவும் மதிப்பும் விமர்சனத்தோடு ஒப்பிட எவ்வாறு உள்ளன, எடுத்ததன் நோக்கம் என்ன, இரு படைப்புகளும் சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியாகுமா. எதிர்நாடகம் மூலத்தை விமர்சிக்கவே அதை எடுத்தது, மூலத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை என்னும் நோக்கில் நீதிமன்றம் அதன் பக்கம் சாய்ந்தது.

இம்மூன்றையும் ஓர் ஆய்வு நூலில் பொருத்திப் பார்க்கலாம். துளிப்பா பற்றிய நூலொன்றில் ஒரு கவிதை முழுமையாகத் தரப்பட்டு, அதன் படிமம், சொற்றொடர் அமைப்பு, இடைவெளி ஆகியன ஒன்றரைப் பக்கம் ஆராயப்படுகின்றன எனக் கொள்க. முழுக் கவிதை எடுக்கப்பட்டிருப்பினும், அதைக் காட்டாமல் அந்த ஆராய்ச்சி நடைபெறாது. இது தாங்கத்தக்க நிலை. அதே நூலின் மற்றோர் இயலில் ஒரே கவிஞரின் அறுபது துளிப்பாக்கள் வரிசையாகத் தரப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் 'இக்கவிதை வறுமையைச் சுட்டுகிறது' என்பது போல ஒரு வரி மட்டும் எழுதப்பட்டிருப்பின் அது திறனாய்வுப் போர்வையில் உள்ள தொகைநூல். நம் ஆய்வேடுகளின் 'பாடுபொருள்' இயல்கள் பல இந்த இரண்டாம் வகைக்கு அருகில் நிற்பதை மறுக்க இயலாது.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆய்வாளரின் வாக்கியங்களை நீக்கிவிட்டு மீதியைப் படித்துப் பார்க்கவேண்டும். எஞ்சுவது கவிஞரின் நூலை வாங்க நினைத்தவருக்குப் போதுமானதாக இருந்தால் மேற்கோள் மிகுந்துவிட்டது. பிறகு மேற்கோள்களை நீக்கிப் படிக்கவேண்டும். வாதம் குறைவின்றித் தொடர்ந்தால் அந்த மேற்கோள்கள் திறனாய்வுக்குத் தேவைப்படாதவை.

நூலின் சில இடங்கள் இவ்வளவுகோலில் எளிதில் தோற்பவை. நூன்முகத்தில் தனித்து நிற்கும் முகப்பு மேற்கோள், இயல் தலைப்பின் கீழ் அணியாக இடப்படும் கவிதை, பின்னட்டையில் பொறிக்கப்படும் பத்தி, பின்னிணைப்பாகச் சேர்க்கப்படும் முழுக் கவிதைகள் ஆகியவற்றைப் பற்றி ஆசிரியர் எதுவும் சொல்வதில்லை. உள்ளே நியாயமாக நின்ற அதே வரிகள் அட்டைக்கு வந்ததும் துணை இழக்கின்றன.

பாடத்திட்டத்திற்கான செய்யுள் திரட்டுகளுக்கு மட்டும் 52ஆம் பிரிவு தனி வழி ஒன்று வைத்துள்ளது. மேற்கோள் பற்றிச் சட்டம் எண்ணிக்கையில் பேசுவது அங்கேதான். உரிமை நீங்கிய பகுதிகளே பெரும்பான்மையாக இருக்கவேண்டும். நூல் கற்பித்தலுக்கானது எனத் தலைப்பிலும் விளம்பரத்திலும் குறிக்கப்படவேண்டும். உரிமையுள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளே சேர்க்கப்படலாம். அந்நூல்களும் பாடநூல்களாக வெளிவந்தவையாக இருத்தல் கூடாது. இவ்வளவும் பொருந்தினாலும், ஒரே பதிப்பகம் ஐந்தாண்டுக் காலத்தில் ஓர் ஆசிரியரின் படைப்புகளிலிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடலாகாது. ஒரு கவிஞரின் மூன்றாம் கவிதையைச் சேர்க்கும்போதே இவ்விலக்கு கைவிட்டுப்போகிறது.

நாட்காட்டித் தாள்

நாட்காட்டியில் திறனாய்வு இல்லை. வரிகள் அழகுக்காகவும் அறிவுரைக்காகவும் அச்சாகின்றன. கற்பித்தலுக்கான திரட்டு என்னும் வரையறைக்குள்ளும் அது அடங்காது. எனவே நாட்காட்டிக்குப் பொருந்தும் விடை நூலுக்கானதைவிடக் கடுமையானது: உரிமை நீங்கியதை எவ்வளவும் இடலாம்; உரிமை உள்ளதிலிருந்து கணிசமான பகுதியை இடுவதற்கு இசைவு வேண்டும்.

ஒரு துறை 2027ஆம் ஆண்டுக்கு நாட்காட்டி வெளியிடத் திட்டமிடுவதாகக் கொள்வோம். நாள் தாளில் ஒரு குறளும் அதன் உரையும்; மாதத் தாளில் ஒரு கவிதை. குறளில் சிக்கலில்லை. உரையாக மு. வரதராசனாரின் தெளிவுரையைத் தெரிவு செய்கின்றனர். அவர் 1974இல் மறைந்தார். ஆயுள் கணக்குப்படி உரிமை 2034 முடிய நீளும். ஒரு குறளுக்கு ஒரு வரி உரைதானே என்று தோன்றும். ஆனால் 365 நாள்களுக்கு 365 உரைகள் அச்சாகின்றன. 1330இல் காற்பங்குக்கும் மேல். தனித்தனியே சிறிதாகத் தெரிவது கூட்டிப் பார்க்கையில் கணிசமாகிவிடுகிறது. இங்கு மூன்று வழிகள் உள்ளன: உரிமையாளரிடம் இசைவு பெறுதல், பரிமேலழகர் உரையை எளிமைப்படுத்தித் தருதல், துறை ஆசிரியர்களே புதிதாக உரை எழுதுதல். மூன்றாவது வழியில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மு.வ.வின் வாக்கியத்தில் இரு சொற்களை மாற்றுவது புத்துரையாகாது. குறளின் கருத்து எவருக்கும் பொது; அதைச் சொன்ன வாக்கியம் சொன்னவருக்குரியது.

மாதத் தாள்களில் பாரதியும் பாரதிதாசனும் தடையின்றி இடம்பெறுவர். மஹாகவியின் கவிதைக்கு இசைவு வேண்டும். கண்ணதாசனின் கவிதைக்கும் அவ்வாறே. அவருடைய திரைப்பாடல் எனில், உரிமை எவரிடம் உள்ளது என்பதைப் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்தே சொல்ல இயலும். வாழும் கவிஞர் ஒருவரின் மூன்றடித் துளிப்பாவுக்கு, அது எவ்வளவு சிறிதாயினும், இசைவு வேண்டும்.

நாட்காட்டிகளில் காணப்படும் இன்னொரு தவறு அளவைப் பற்றியதன்று. மூலநூலைப் பாராமல், கேள்விப்பட்ட பெயரோடு வரிகள் அச்சாகின்றன. பாரதியின் பெயரில் வழங்கும் ஒரு தொடர் வாழும் கவிஞர் ஒருவருடையதாக இருந்துவிட்டால், உரிமை நீங்கியது என்னும் கணக்கே பிழையாகிவிடும். அத்துடன் 57ஆம் பிரிவும் குறுக்கிடும். பதிப்புரிமையைப் பிறருக்குக் கொடுத்துவிட்ட ஆசிரியருக்கும், படைப்பு தம்முடையது எனக் கோரும் உரிமையும், தம் மதிப்புக்குக் கேடாக அது சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையும் அப்பிரிவின்படி நிலைத்திருக்கின்றன. தாளில் இடம் போதவில்லை என நடுவில் ஓரடியை நீக்கிப் பொருளைத் திரித்துவிட்டால், அச்சிட இசைவு பெற்றிருந்தாலும் கேள்வி எழும். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் முதற்பதிப்பையோ நம்பகமான பதிப்பையோ நேரில் பார்த்துப் பக்க எண் குறித்துக்கொள்வது முதல் வேலை.

இசைவுக் கடிதம் யாருக்கு எழுதப்பட வேண்டும் என்பது அடுத்தது. நூலின் உரிமைப் பக்கத்தில் 'உரிமை ஆசிரியருக்கு' என்றிருந்தால் ஆசிரியருக்கோ அவர்தம் வாரிசுகளுக்கோ எழுதவேண்டும். பதிப்பகத்திற்கு என்றிருந்தால் பதிப்பகத்திற்கு எழுதவேண்டும். உரிமைப் பக்கம் பழையதாக இருப்பின் இருவருக்கும் எழுதுவது பாதுகாப்பு. தொலைபேசியில் 'போட்டுக்கொள்ளுங்கள்' என்ற சொல் போதாது. 30ஆம் பிரிவு உரிமத்தை எழுத்தில் கேட்கிறது. உரிமத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு எனவும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா எனவும் சட்டம் கொள்ளும். நூல் மறுபதிப்பாகும் வாய்ப்பு இருந்தால் இவ்விரண்டையும் கடிதத்திலேயே விரித்து எழுதவேண்டும். நாட்காட்டிக்கு ஓராண்டு போதும்.

கடிதத்தில் இருக்கவேண்டியன மிகையல்ல: எடுக்கப்படும் வரிகள் முழுமையாக, மூலநூலின் பதிப்பும் பக்கமும், அச்சிடப்படும் படிகளின் எண்ணிக்கை, விலை உண்டா இல்லையா, ஆசிரியர் பெயர் எவ்விடத்தில் எவ்வாறு அச்சாகும் என்பது. அச்சுக் கோத்த தாளின் படியை உடன் வைத்தால் உரிமையாளர் வரிப்பிழையையும் அப்போதே திருத்தித் தருவார். பதில் வராமையை இசைவாகக் கொள்ளக்கூடாது. உரிமையாளர் எவர் என்றே கண்டறிய இயலாத நூலுக்கு 31ஏ பிரிவின்படி உரிமம் கோரி விண்ணப்பிக்கும் வழி உண்டு. அது காலம் எடுக்கும் நடைமுறை. ஒரு நாட்காட்டித் தாளுக்காக அதில் இறங்குவதைவிட வேறு கவிதையைத் தேர்வதே எளிது.

சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளுக்கான மாதிரித் தொகுப்புகள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகின்றன. அதன்பின் அச்சு வேலைகள் விரைகின்றன. 2027ஆம் ஆண்டுத் தாளில் இடம்பெறவேண்டிய கவிதைக்கான கடிதம் 2026 சித்திரையிலேயே புறப்பட்டால்தான், மறுப்பு வந்தாலும் அதற்கு ஈடான கவிதையைத் தேடவும் மீண்டும் ஒரு கடிதம் எழுதவும் நாள் இருக்கும்.